பாலிசி இருக்கு, கேஷ்லெஸ் இல்லைங்கறாங்க: இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் முறையிடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் சில வருஷங்கள் உட்கார்ந்திருந்தேன். கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டவர்களின் கேள்விகளும், பிறகு தெரிந்தவர்கள் போனில் கேட்டவையும்தான் இவை. தனியார் மற்றும் பொதுத்துறை கம்பெனிகள் விற்கும் மெடிக்ளைம் பாலிசிகளுக்கு மட்டும் பொருந்தும். முதல்வர் காப்பீட்டுத் திட்ட அட்டைக்கு வழி வேறு.

“ரிசப்ஷன்லயே ‘உங்க கம்பெனிக்கு இங்க கேஷ்லெஸ் கிடையாது, ஒன்றரை லட்சம் அட்வான்ஸ் கட்டுங்க’ன்னுட்டாங்க. என்ன செய்யறது?”

முதலில் தெரிய வேண்டியது, மறுத்தது யார் என்பது. இந்த வாக்கியத்தைச் சொன்னது மருத்துவமனை. உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நீங்கள் அட்மிட் ஆக வந்திருப்பதே அந்த நேரத்தில் தெரியாமல் இருக்கலாம். கேஷ்லெஸ் என்பது, கம்பெனியிடம் முன் அனுமதி கேட்கும் ப்ரீ-ஆத் படிவம் போன பிறகுதான் தொடங்குகிறது. அந்தப் படிவத்தில் ஒரு பகுதியை நீங்கள் நிரப்ப வேண்டும், மறு பகுதியை டாக்டர் நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். டெஸ்க் அதை கம்பெனிக்கோ, கம்பெனி சார்பில் க்ளைம்களைக் கையாளும் டி.பி.ஏ.வுக்கோ போர்ட்டலில் ஏற்றும். ஏற்றினால் ஒரு க்ளைம் எண் விழும். அந்த எண் இல்லையென்றால் யாரும் எதையும் நிராகரிக்கவில்லை, கேட்கவே இல்லை என்று அர்த்தம்.

மருத்துவமனை ஏன் இப்படிச் சொல்கிறது என்பதற்கு உள்ளே இருந்து பார்த்த காரணங்கள் மூன்று. அந்தக் கம்பெனியிடமிருந்து பழைய பில்களுக்குப் பணம் வராமல் நிற்கும். அல்லது ஒப்பந்தத்தில் உள்ள பேக்கேஜ் ரேட் பழையதாக இருக்கும், அதே ஆபரேஷனுக்குக் கையில் பணம் தருபவரிடம் அதிகம் வாங்கலாம். அல்லது ஒப்பந்தமே முடிந்திருக்கும், ஆனால் கம்பெனியின் இணையப் பட்டியலில் பெயர் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும். மூன்றிலும் உங்கள் தவறு ஒன்றுமில்லை. ஆனால் எந்தக் காரணம் என்பதைப் பொறுத்து நீங்கள் எழுதும் மெயில் மாறும்.

ஆகவே டெஸ்க்கில் சண்டை போடாமல் ஒன்றைக் கேளுங்கள்: “ப்ரீ-ஆத் அனுப்புங்க, இல்லன்னா அனுப்ப முடியாதுன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க.” எழுதித் தர மாட்டார்கள். பாதிப் பேருக்கு இந்தக் கேள்வியிலேயே படிவம் வந்துவிடும். வராவிட்டால், யார் சொன்னார், எந்தக் கவுன்டர், எத்தனை மணி என்று போனில் குறித்துக்கொண்டு அப்போதே கம்பெனிக்கு மெயில் போடுங்கள். கம்பெனி ஒப்பந்தம் போட்ட நெட்வொர்க் மருத்துவமனைகளின் இணையப் பக்கத்தில் அந்த மருத்துவமனையின் பெயர் தெரிகிற மாதிரி, தேதியோடு ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து இணையுங்கள். நாளைக்கு அந்தப் பெயர் பட்டியலிலிருந்து காணாமல் போகலாம்.

“‘கம்பெனியே ரிஜெக்ட் பண்ணிடுச்சு’ங்கறாங்க. நம்பறதா?”

கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். நிராகரித்தால் கம்பெனியிலிருந்து டெஸ்க்குக்கு டினையல் லெட்டர் வரும், உங்கள் மொபைலுக்கும் குறுஞ்செய்தி வரும். அதில் காரணமும், பாலிசியின் எந்த நிபந்தனைப்படி என்பதும் இருக்க வேண்டும்.

டெஸ்க் ‘ரிஜெக்ட்’ என்று சொல்வதில் நிறைய, உண்மையில் குவெரி. அதாவது கம்பெனி ஏதோ விளக்கமோ ரிப்போர்ட்டோ கேட்டிருக்கிறது, மருத்துவமனை பதில் போடவில்லை. நானே அப்படிச் செய்திருக்கிறேன் என்று ஒப்புக்கொள்கிறேன். ஒரே நேரத்தில் இருபது ஃபைல், டாக்டர் தியேட்டருக்குள், குவெரி திரையில் மின்னிக்கொண்டிருக்கும். “கட்டிட்டு அப்புறம் க்ளைம் பண்ணிக்கங்க” என்று சொல்வது சுலபமாக இருக்கும். கஸ்டமர் கேரில் க்ளைம் எண்ணைச் சொல்லிக் கேட்டால், குவெரி நிற்கிறதா, என்ன கேட்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார்கள்.

“லெட்டர்ல ‘ஏற்கெனவே இருந்த நோயை மறைத்துவிட்டீர்கள்’னு போட்டிருக்கு. நாங்க எதையும் மறைக்கலையே?”

இது கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டிய விஷயம். போன ஜனவரியில் எனக்குத் தெரிந்த ஒரு ஆசிரியையின் அம்மாவுக்கு நடந்ததையே சொல்கிறேன்.

அம்மாவுக்கு 61 வயது. பித்தப்பையில் கல், லேப்ராஸ்கோப்பியில் எடுக்க வேண்டும். பாலிசி 14.08.2022-இல் எடுத்தது, ஒரு நாள் கூட விடாமல் புதுப்பித்தது, தொகை 5 லட்சம். பித்தப்பைக் கல்லுக்கு அந்தப் பாலிசியில் 24 மாதக் காத்திருப்பு, அது எப்போதோ முடிந்துவிட்டது. 06.01.2026 காலை 10:40-க்கு ப்ரீ-ஆத் போனது. 11:25-க்குக் குவெரி: சர்க்கரை நோய் எப்போதிலிருந்து? டெஸ்க் அதைப் பார்த்ததே இரண்டு மணிக்கு. பதில் போனது 3:10-க்கு. 4 மணிக்கு டினையல்: ‘பத்து வருடமாகச் சர்க்கரை நோய், பாலிசி எடுக்கும்போது தெரிவிக்கவில்லை.’

அம்மாவுக்குச் சர்க்கரை கண்டுபிடித்ததே 2025 மார்ச்சில். பத்து மாதம். கேஸ் ஷீட்டில் ட்யூட்டி டாக்டர் பத்துக்குப் பக்கத்தில் மாதத்துக்கான எம் எழுத்துக்குப் பதிலாக வருஷத்துக்கான ஒய் எழுத்தைப் போட்டிருந்தார். டெஸ்க் அதையே தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறது. ஓர் எழுத்து. கல்லுக்கும் சர்க்கரைக்கும் சம்பந்தமே இல்லை என்று மகள் போனில் கத்திக்கொண்டிருந்தார். அந்த வாதம் இங்கே எடுபடாது. மறைத்தார்களா இல்லையா என்பதுதான் கம்பெனியின் கேள்வி, வயிற்றில் என்ன இருக்கிறது என்பதல்ல.

வேண்டியிருந்தது இரண்டு தாள்கள். ஒன்று, முதன்முதலாகச் சர்க்கரை தெரிந்த நாளின் லேப் ரிப்போர்ட்டும் டாக்டர் சீட்டும். வீட்டில் பழைய பிஸ்கட் டப்பாவில் இருந்தது, பக்கத்து வீட்டுப் பையன் வாட்ஸ்அப்பில் அனுப்பினான். இரண்டு, சிகிச்சை செய்யும் டாக்டர் மருத்துவமனை லெட்டர்பேடில் எழுதிய திருத்தக் குறிப்பு: ‘கேஸ் ஷீட்டில் 10 வருடம் என்றிருப்பது எழுத்துப் பிழை, 10 மாதம் என்று இருக்க வேண்டும்’, கீழே கையெழுத்து, பதிவு எண், சீல், தேதி, நேரம். கேஸ் ஷீட்டிலேயே அடித்துத் திருத்தச் சொல்லாதீர்கள். அடித்து எழுதியதைப் பார்த்தால் கம்பெனிக்குச் சந்தேகம் இரட்டிப்பாகும். பழைய பதிவு அப்படியே இருக்கட்டும், திருத்தம் தனித் தாளாக வரட்டும்.

இவற்றோடு மாலை 5:20-க்கு மகள் மெயில் போட்டார். டெஸ்க்கும் அதே தாள்களைப் போர்ட்டலில் மறுபரிசீலனைக்கு ஏற்றியது. இரண்டும் நடக்க வேண்டும், ஒன்று மட்டும் போதாது. மறுநாள் காலை முதல் கட்ட அனுமதி வந்தது. எட்டாம் தேதி டிஸ்சார்ஜ். பில் ₹96,400. கம்பெனி கொடுத்தது ₹89,150. மீதி ₹7,250 கையுறை, பதிவுக் கட்டணம் மாதிரியான, பாலிசியில் வராத செலவுகள். அதைக் கையிலிருந்து கட்டினார்கள்.

“அந்த மெயிலை எப்படி எழுதறது? எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது.”

கோபத்தை வெளியே விட்டுவிட்டு, தேதியையும் நேரத்தையும் மட்டும் உள்ளே விடுங்கள். அந்தப் பெண் எழுதியது ஏறக்குறைய இப்படி. அவர் ஆங்கிலத்தில் அனுப்பினார். தமிழில் எழுதினாலும் இதே வரிசை போதும்.

> பொருள்: கேஷ்லெஸ் நிராகரிப்பு – உடனடி மறுபரிசீலனை – பாலிசி எண் ____ – க்ளைம் எண் ____ – நோயாளி தற்போது உள்நோயாளி
>
> என் அம்மா மேற்கண்ட பாலிசியில் 14.08.2022 முதல் இடைவெளியின்றிக் காப்பீடு பெற்றவர். பித்தப்பை அறுவை சிகிச்சைக்காக 06.01.2026 அன்று ____ மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டுள்ளார். நாளை காலை அறுவை சிகிச்சை.
>
> இன்று மாலை 4:00 மணிக்கு வந்த கடிதத்தில், 10 வருடச் சர்க்கரை நோயைத் தெரிவிக்கவில்லை என்று கேஷ்லெஸ் மறுக்கப்பட்டுள்ளது. இது உண்மையல்ல. சர்க்கரை நோய் முதன்முதலில் கண்டறியப்பட்டது 2025 மார்ச்சில், பாலிசி தொடங்கிய பிறகு. கேஸ் ஷீட்டில் மாதம் என்பது வருடம் என்று தவறாகப் பதிவாகியுள்ளது.
>
> இணைப்பு: 1. டினையல் லெட்டர். 2. 2025 மார்ச் லேப் ரிப்போர்ட், டாக்டர் சீட்டு. 3. சிகிச்சை மருத்துவரின் திருத்தக் குறிப்பு. 4. பாலிசி அட்டவணை.
>
> இவற்றின் அடிப்படையில் கேஷ்லெஸ் அனுமதியை வழங்கக் கோருகிறேன். மறுப்பதாக இருந்தால், பாலிசியின் எந்த நிபந்தனைப்படி, எந்த ஆவணத்தை ஆதாரமாகக் கொண்டு என்பதையும், க்ளைம் ரிவ்யூ கமிட்டியின் ஒப்புதல் பெறப்பட்டதா என்பதையும் எழுத்தில் தெரிவிக்கவும்.
>
> பெயர், உறவு, மொபைல் எண்

கடைசிப் பத்தியில்தான் கனம் இருக்கிறது. காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 29.05.2024-இல் வெளியிட்ட மாஸ்டர் சர்க்குலரின்படி, க்ளைமை நிராகரிக்க அந்தக் கமிட்டியின் ஒப்புதல் வேண்டும், காரணத்தைப் பாலிசி நிபந்தனையோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். கேட்கத் தெரிந்தவர் என்று தெரிந்தால் ஃபைலை இன்னொரு முறை திறப்பார்கள். வக்கீல் நோட்டீஸ் மொழியில் மிரட்டினால், அவசர மேசையிலிருந்து சட்டப் பிரிவுக்கு நகர்ந்துவிடும். நோயாளி படுக்கையில் இருக்கும்போது அது வேண்டாம்.

“யாருக்கு அனுப்பணும்? கஸ்டமர் கேர்ல பேசினா பத்தாதா?”

பேசுங்கள், ஆனால் பேச்சைப் புகாராக நினைக்காதீர்கள். “எஸ்கலேட் பண்ணிட்டோம் சார்” என்ற பதிலுக்கு அர்த்தம் பெரும்பாலும் ஒன்றுமில்லை. புகார் எண் கேட்டு வாங்கி, அதை மெயிலில் குறிப்பிடுங்கள்.

மெயில் மூன்று இடத்துக்கு ஒரே நேரத்தில் போகட்டும்: க்ளைம் பிரிவு, டி.பி.ஏ. இருந்தால் அவர்கள், கம்பெனியின் குறை தீர்க்கும் அதிகாரி. டெஸ்க்கில் ஜி.ஆர்.ஓ. என்போம். அவருடைய முகவரி பாலிசி புத்தகத்தின் பின்பக்கங்களில் கண்டிப்பாக அச்சாகியிருக்கும். நீங்கள் வேலை செய்யும் இடத்தில் எடுத்துத் தந்த பாலிசி என்றால் அங்குள்ள எச்.ஆரையும் சேருங்கள். மொத்தப் பிரீமியம் கட்டுகிறவர்களின் ஒரு போன், நம்முடைய பத்து மெயிலுக்குச் சமம். பதிவு செய்த மெயில் முகவரியிலிருந்தே அனுப்புங்கள், இல்லாவிட்டால் ‘பாலிசிதாரரை உறுதி செய்யவும்’ என்று ஒரு நாள் போய்விடும்.

“ஒரு மணி நேரத்துல முடிவு சொல்லணும்னு ரூல் இருக்காமே?”

இருக்கிறது. அதே 2024 சர்க்குலரில், கேஷ்லெஸ் வேண்டுகோள் வந்த ஒரு மணி நேரத்துக்குள் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜின்போது மருத்துவமனை இறுதி பில் அனுப்பிய மூன்று மணி நேரத்துக்குள் இறுதி அனுமதி வர வேண்டும். மூன்று மணி தாண்டி, அதனால் மருத்துவமனை கூடுதலாக ஏதாவது வசூலித்தால் அதைக் கம்பெனியே ஏற்க வேண்டும்.

சிக்கல், கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது என்பதில். டாக்டர் காலை எட்டு மணிக்கு ‘நீங்க போகலாம்’ என்றதிலிருந்து நாம் எண்ணுகிறோம். வேண்டுகோள் தங்களுக்கு முழுமையாக வந்ததிலிருந்து கம்பெனி எண்ணும். இடையில் ஃபார்மசி பில் மூடி, பில்லிங் தயாரித்து, டெஸ்க் அனுப்பும்போது மணி ஒன்றாகியிருக்கும். எனவே டெஸ்க்கில் ‘எத்தனை மணிக்கு அனுப்பினீங்க’ என்று கேட்டு, திரையில் உள்ள நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மெயிலில் அந்த நேரம் இருந்தால்தான் விதியைச் சொல்லிக் கேட்க முடியும்.

“ஆபரேஷனைத் தள்ளிப்போட முடியாது. பணத்தைக் கட்டிட்டா உரிமை போயிடுமா?”

போகாது. கேஷ்லெஸ்ஸை மறுப்பதும் க்ளைமை மறுப்பதும் வேறு வேறு. கட்டிவிட்டு ரீஇம்பர்ஸ்மென்ட் கேட்கலாம். பல டினையல் லெட்டர்களிலேயே அப்படி ஒரு வரி இருக்கும்.

ஆனால் கையெழுத்தில் கவனம் வேண்டும். பணம் கட்டும்போது சில இடங்களில் ஒரு தாளை நீட்டுவார்கள்: ‘நான் என் சொந்த விருப்பத்தின் பேரில் கேஷ்லெஸ் வசதியைத் தவிர்க்கிறேன்.’ அட்மிஷன் தாள்களின் நடுவில் நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ இருக்கும், யாரும் படிப்பதில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டால், மருத்துவமனை மறுத்தது என்று பிறகு நீங்கள் சொல்வதற்கு எதிராக உங்கள் கையெழுத்தே நிற்கும். மறுத்துப் பாருங்கள். வேறு வழியில்லை என்றால், கையெழுத்துக்கு மேலே ‘மருத்துவமனை கேஷ்லெஸ் தர மறுத்ததால் பணம் கட்டுகிறேன்’ என்று உங்கள் கையாலேயே எழுதி, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பணத்தைக் கார்டிலோ வங்கி வழியாகவோ கட்டுங்கள். ரசீது, உடைத்துக் காட்டிய இறுதி பில், டிஸ்சார்ஜ் சம்மரி, ஃபார்மசி பில்கள், எல்லா ரிப்போர்ட்டும் மூலப்பிரதியாக வேண்டும். உடலுக்குள் ஸ்டென்ட், லென்ஸ் போன்றவை வைத்திருந்தால் அதன் ஸ்டிக்கரும் இன்வாய்ஸும் சேர்த்து வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை வார்டை விட்டு இறங்குவதற்கு முன் படியுங்கள். மேலே சொன்ன மாதிரி ஓர் எழுத்துப் பிழை அங்கே இருந்தால், ரீஇம்பர்ஸ்மென்டும் அதே காரணத்துக்காக விழும். தாள்களை அனுப்பக் கெடு பெரும்பாலும் டிஸ்சார்ஜிலிருந்து 15 அல்லது 30 நாள், உங்கள் பாலிசியில் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

“நாங்க போனது நெட்வொர்க் ஆஸ்பத்திரியே இல்ல. கேட்கவே முடியாதா?”

கேட்கலாம். 2024 ஜனவரியில் ஜெனரல் இன்சூரன்ஸ் கவுன்சில் ‘கேஷ்லெஸ் எவ்ரிவேர்’ என்று ஒன்றை அறிவித்தது. திட்டமிட்ட சிகிச்சை என்றால் 48 மணி நேரம் முன்பே, அவசரம் என்றால் அட்மிட் ஆன 48 மணி நேரத்துக்குள் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும். ஆனால் ஒப்பந்தம் இல்லாத மருத்துவமனை, ‘பணம் எப்ப வருமோ’ என்று ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். அதை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. என் கணிப்பில் இது இன்னும் பெயரளவில்தான் ஓடுகிறது. கேட்டுப் பாருங்கள், அதை நம்பி மட்டும் அட்மிட் ஆகாதீர்கள்.

“பாலிசி எடுத்து அஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. இப்பவும் ‘மறைச்சீங்க’ன்னு சொல்லலாமா?”

இடைவெளியில்லாமல் 60 மாதம் முடிந்துவிட்டால், மோசடி நிரூபணமானால் தவிர, தகவலை மறைத்தீர்கள் என்று க்ளைமை மறுக்க முடியாது. இதற்கு மாரட்டோரியம் என்று பெயர். முன்பு எட்டு வருஷம், 2024-இல் ஐந்தாகக் குறைத்தார்கள். வேறு கம்பெனியிலிருந்து பாலிசியை மாற்றி, அதாவது போர்ட் செய்து வந்திருந்தால் பழைய கம்பெனியின் வருஷங்களும் சேரும், அந்தப் பழைய பாலிசி நகல்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு நுணுக்கம்: மூன்று லட்சத்தில் தொடங்கி நடுவில் பத்து லட்சமாக உயர்த்தியிருந்தால், கூடுதல் ஏழு லட்சத்துக்கு 60 மாதம் உயர்த்திய தேதியிலிருந்து எண்ணப்படும்.

“ஜி.ஆர்.ஓ.வுக்கு எழுதியும் பதிலே இல்ல. அடுத்து?”

கம்பெனிக்கு 14 நாள் அவகாசம். அதற்குப் பிறகு bimabharosa.irdai.gov.in தளத்தில் பதியலாம், அல்லது 155255 எண்ணில் கூப்பிட்டுச் சொல்லலாம். ஐ.ஆர்.டி.ஏ.ஐ. உங்கள் வழக்கைத் தீர்த்து வைக்காது. புகாரைக் கம்பெனிக்குத் தள்ளி, பதில் வந்ததா என்று பார்க்கும். ஆனால் அங்கே பதிவான புகாரைக் கம்பெனிகள் கிடப்பில் போடுவதில்லை என்பதால் செய்வது நல்லது.

தீர்ப்புச் சொல்லும் இடம் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். நீங்கள் எழுதி 30 நாளாகியும் கம்பெனி பதில் தராவிட்டாலோ, தந்த பதில் ஏற்கும்படி இல்லாவிட்டாலோ போகலாம். கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். 50 லட்சம் ரூபாய் வரை கேட்கலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. cioins.co.in தளத்திலேயே பதியலாம். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில், அண்ணா சாலையில். அதே விஷயத்துக்கு நுகர்வோர் ஆணையத்தில் ஏற்கெனவே வழக்குப் போட்டிருந்தால் இங்கே எடுக்க மாட்டார்கள். அதனால் இதை முதலில் முடியுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருஷம் வரை நேரம் இருக்கிறது.

ஆம்புட்ஸ்மேன் உத்தரவு வந்த 30 நாளுக்குள் கம்பெனி நிறைவேற்ற வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு ₹5,000 வீதம் உங்களுக்குத் தர வேண்டும்.

“ஆஸ்பத்திரி மேல தப்புன்னா ஆம்புட்ஸ்மேன்கிட்ட போகலாமா?”

முடியாது, அவர் இன்சூரன்ஸ் கம்பெனியை மட்டும்தான் கேட்பார். ஆனால் நெட்வொர்க் மருத்துவமனை என்று பட்டியலில் போட்டது கம்பெனி. அதனால் முதல் கேள்வியில் சொன்ன அந்த ஸ்கிரீன்ஷாட்டை இங்கே எடுத்து வையுங்கள்.